தண்ணி கசியலாம், மணல் கிளம்பக் கூடாது: ஷீட் பைலுக்கு அடியில் என்ன நடக்குது?

பொட்டிப்புரத்துக்காரரான நிலத்தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவரோடு பேசிய எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு படித்தால் நடுவில் வரும் பகுதி சுலபமாக இருக்கும்.

தொகுப்பாளர்: வணக்கம் அக்கா. பொட்டிப்புரம்னு சொன்னதும் எல்லாருக்கும் நியூட்ரினோதான் ஞாபகம் வரும். நீங்க அந்த ஊர்ல பிறந்து, மண்ணுக்குள்ள தண்ணி எப்படி ஓடுதுன்னு பார்க்கிற வேலைக்கு வந்திருக்கீங்க. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

பொறியாளர்: வணக்கம் தம்பி. சம்பந்தம் இல்ல, ஆனா நல்ல எதிர் உதாரணம் இருக்கு. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு காரணம் அங்க இருக்கிற சார்னோகைட் பாறை. ரொம்ப கெட்டியான பாறை. அதுல ஒரு விரிசல் வழியா தண்ணி சொட்டினா, தண்ணி மட்டும்தான் வரும். பாறை கூட வராது. அங்கிருந்து கிழக்க இறங்கி முல்லையாத்துக்கு வந்துட்டா காலுக்கு அடியில மணல். அங்க தண்ணி வரும்போது மணலும் சேர்ந்து வரலாம். நான் செய்யுற வேலை முழுக்க அந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

தொகுப்பாளர்: முல்லைப் பெரியாறு அணைல கசிவுன்னு அடிக்கடி செய்தி வருதே, அதுவும் இதுதானா?

பொறியாளர்: இல்ல, அது வேற கதை. அது பாறை மேல நிக்கிற கல் கட்டு அணை. அங்க பேசுறது சுண்ணாம்புச் சாந்து வழியா வர்ற கசிவைப் பத்தி. இன்னைக்கு நான் சொல்லப்போறது மணல் மேல நிக்கிற தடுப்பைப் பத்தி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

சின்ன வயசுல நீங்க ஆத்துல ஊத்து தோண்டியிருக்கீங்களா?

தொகுப்பாளர்: மதுரைல தாத்தா வீட்டுக்குப் போறப்போ வைகைல தோண்டியிருக்கோம். கொஞ்ச நேரத்துல தண்ணி ஊறும்.

பொறியாளர்: மெதுவா ஊற விட்டா தெளிஞ்ச தண்ணி வரும். அவசரப்பட்டு சொம்பால மடமடன்னு இறைச்சா என்ன ஆகும்?

தொகுப்பாளர்: அடில மணல் குபுகுபுன்னு கிளம்பும். கலங்கலாயிரும். அப்புறம் பக்கமெல்லாம் சரிஞ்சு ஊத்தே மூடிரும்.

பொறியாளர்: பைப்பிங்னு புத்தகத்துல ஒரு அத்தியாயம் இருக்கே, அதை இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. இறைக்கிறதுக்கு முன்னாடி ஊத்துக்குள்ள இருக்கிற தண்ணியும் வெளிய மணல்ல இருக்கிற தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இறைச்சதும் உள்ள மட்டம் இறங்கிருது. வெளித் தண்ணி அடி வழியா மேல ஏறி வருது. அந்த ஏத்தம் மணல் பருக்கையோட எடையைத் தாங்குற அளவுக்கு வந்துட்டா பருக்கை மிதக்க ஆரம்பிக்கும். இப்போ ஊத்துக்குப் பதிலா ஆறு மீட்டர் ஆழக் குழியைக் கற்பனை பண்ணுங்க. உள்ள எட்டுப் பேர் கம்பி கட்டிக்கிட்டு இருக்காங்க.

தொகுப்பாளர்: சரி, அந்தக் குழிக்குப் போவோம். முதல்ல ஷீட் பைல்னா என்னன்னு சொல்லிருங்க.

பொறியாளர்: நீளமான இரும்புத் தகடு. ஓட்டு வீட்டுக் கூரைத் தகடு மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும், ஆனா ரொம்ப தடிமன். ரெண்டு ஓரத்துலயும் கொக்கி மாதிரி வளைவு இருக்கும். ஒரு தகட்டோட கொக்கில அடுத்ததை மாட்டி, சுத்தியல் இயந்திரம் வச்சு தரைக்குள்ள அடிச்சிக்கிட்டே போவாங்க. தொடர்ச்சியா ஒரு இரும்புச் சுவர் வந்துரும். ஆத்துக்குள்ள பாலத்துக்குத் தூண் போடணும்னா, நாலு பக்கமும் இப்படி அடிச்சு உள்ள இருக்கிற தண்ணியை பம்ப் வச்சு இறைச்சிட்டு வேலை பார்ப்பாங்க. அதுக்கு காஃபர்டேம்னு பேரு.

சுவர் இரும்பு, அதுக்குள்ள தண்ணி பெருசா போகாது. ஆனா சுவரோட கால் மணல்லதான் நிக்குது. தண்ணி கீழ இறங்கி, காலைச் சுத்தி, இந்தப் பக்கம் மேல வரும். அதை யாரும் முழுசா நிறுத்த முடியாது. அந்தத் தண்ணி எங்க, எவ்வளவு அழுத்தமா வெளிய வருதுன்னுதான் பார்க்கணும்.

தொகுப்பாளர்: அது தரைக்குள்ள நடக்குது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பார்க்கிறது?

பொறியாளர்: அதுக்குத்தான் ஃப்ளோ நெட், ஓட்ட வலை. ஒரு பென்சில், ஒரு தாள், நிறைய ரப்பர். இப்ப கணினில நிமிஷத்துல வந்துரும். ஆனா நான் புதுசா சேர்ற பசங்களைக் கையால ஒரு தடவை போட வைப்பேன். போட்டவங்களுக்கு மட்டும்தான் கணினி தப்பா காட்டும்போது உறுத்தும்.

ஒரு கணக்கு எடுத்துக்குவோம். உத்தமபாளையம் பக்கம் ஆத்துல ஒரு குழின்னு வச்சுக்கலாம். எண்கள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. ஆத்துப் படுகைக்குக் கீழ 12 மீட்டர் மணல், அதுக்கடியில பாறை. ஷீட் பைலை படுகைல இருந்து 6 மீட்டர் ஆழத்துக்கு அடிச்சிருக்கோம், அதாவது மணலோட பாதி ஆழம். வெளிப்பக்கம் படுகைக்கு மேல 4 மீட்டர் தண்ணி நிக்குது. உள்பக்கம் இன்னும் தோண்டல, தண்ணியை மட்டும் படுகை மட்டம் வரைக்கும் இறைச்சாச்சு. ஆக உள்ளுக்கும் வெளிக்கும் 4 மீட்டர் வித்தியாசம். இந்த 4 மீட்டர்தான் தண்ணியைத் தள்ளுற சக்தி.

இப்ப தாள்ல சுவரை நேர்கோடா வரைங்க. வெளிப் படுகைல ஒரு துளித் தண்ணி இறங்குது. சுவரை ஒட்டி இறங்குற துளி சுவரோட காலைச் சுத்தி இந்தப் பக்கம் மேல வரும். அதுதான் ரொம்பக் குட்டையான பாதை. கொஞ்சம் தள்ளி இறங்குற துளி இன்னும் பெரிய வளைவா போகும். ரொம்பத் தள்ளி இறங்குறது பாறையைத் தடவிக்கிட்டுப் போகும். இப்படி ஒன்றுக்குள்ள ஒன்றா U வடிவத்துல கோடுகள் வரும். இது ஓட்டக் கோடு. ரெண்டு ஓட்டக் கோட்டுக்கு நடுவுல இருக்கிறதை ஒரு வாய்க்கால்னு நினைச்சுக்கோங்க. தண்ணி ஒரு வாய்க்கால்ல இருந்து இன்னொன்னுக்குத் தாவாது.

அடுத்து குறுக்குக் கோடு. தண்ணி போகப் போக மணல்ல உரசி சக்தியை இழக்குது. ஒரே அளவு சக்தி மிச்சம் இருக்கிற புள்ளிகளைச் சேர்த்தா ஒரு கோடு வரும். மலை வரைபடத்துல ஒரே உயரத்தைச் சேர்த்து கோடு போடுவாங்களே, அதே யோசனைதான். தண்ணி எப்பவும் சரிவோட நேர்த் திசைலதான் இறங்கும். அதனால இந்த ரெண்டு வகைக் கோடும் செங்குத்தா வெட்டிக்கணும். வெட்டிக்கிற கட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கணும். பக்கங்கள் வளைஞ்சிருக்கலாம், ஆனா உள்ள ஒரு வட்டம் வரைஞ்சா நாலு பக்கத்தையும் தொடணும். எங்கயாவது செவ்வகமாச்சுன்னா அழிச்சிட்டு மறுபடி போடணும். ரப்பர் அதுக்குத்தான்.

தொகுப்பாளர்: சதுரமா இருந்தே ஆகணும்னு ஏன் பிடிவாதம்?

பொறியாளர்: எல்லாக் கட்டமும் சதுரமா இருந்தா, ஒவ்வொரு வாய்க்கால்லயும் ஒரே அளவு தண்ணி போகும். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஒரே அளவு சக்தி குறையும். அப்புறம் கணக்கு வெறும் எண்ணுறதுதான். நான் சொன்ன குழிக்கு வலை போட்டா, 4 வாய்க்காலும் ஒவ்வொன்னுலயும் 8 கட்டமும் வரும். 4 மீட்டர் வித்தியாசம் 8 கட்டத்துல கரையுது. ஒரு கட்டத்துக்கு அரை மீட்டர்.

தொகுப்பாளர்: எவ்வளவு தண்ணி கசியுதுன்னு இதுல வந்துருமா?

பொறியாளர்: வரும். மணல் எவ்வளவு சுலபமா தண்ணியை விடுதுங்கிற எண்ணை 4 மீட்டரால பெருக்கி, வாய்க்கால் எண்ணிக்கையைக் கட்ட எண்ணிக்கையால வகுத்து, அதாலயும் பெருக்கணும். இங்க 4-ஐ 8-ஆல் வகுத்தா பாதி. மணல் நொடிக்குப் பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர் வேகத்துல தண்ணி விடுற மாதிரின்னா, 10 மீட்டர் நீளச் சுவருக்கு நொடிக்கு 2 லிட்டர். சின்ன பம்ப் போதும்.

ஆனா நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க. பம்ப் சமாளிக்குது, அப்ப குழி பத்திரமா இருக்குன்னு நினைக்கிறாங்க. வலைல முக்கியமான கட்டம் வேற. சுவரை ஒட்டி, உள்பக்கம், தண்ணி வெளிய வர்ற கடைசிக் கட்டம். அங்கதான் பாதை குட்டை, தள்ளுற வேகம் அதிகம். நம்ம வலைல அந்தக் கட்டத்தோட உயரம் சுமார் 2.4 மீட்டர். அதுல கரையுற சக்தி அரை மீட்டர். அரையை 2.4-ஆல் வகுத்தா 0.21. இதுக்கு எக்ஸிட் கிரேடியன்ட்னு பேரு. வெளியேறும் இடத்துச் சரிவுன்னு வச்சுக்கலாம்.

தொகுப்பாளர்: 0.21 நல்லதா கெட்டதா?

பொறியாளர்: ஒரு கன மீட்டர் ஈர மணலை எடுத்துக்கோங்க. எடை சுமார் 2 டன். ஆனா அது தண்ணிக்குள்ள முங்கி இருக்கு. கிணத்துல வாளி தண்ணிக்குள்ள இருக்கும்போது லேசா இருக்குமே, அந்த மாதிரி ஒரு டன் கழிஞ்சுரும். மிச்சம் நிக்கிற எடை ஒரு டன். இப்ப தண்ணி கீழ இருந்து மேல ஏறுது. சரிவு 1-ன்னா, அந்தக் கன மீட்டரை மேல தள்ளுற விசையும் சரியா ஒரு டன். எடையும் தள்ளுதலும் சமம். மணல்ல பருக்கைக்கும் பருக்கைக்கும் அழுத்தமே இல்ல. மேல கால் வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும். புதைமணல்னு சினிமால காட்டுறாங்களே, அது தனி வகை மணல் இல்ல. சாதா மணல்தான், அடில இருந்து தண்ணி ஏறுது, அவ்வளவுதான்.

அதனால பெரும்பாலான மணலுக்கு எல்லை 1-ஐ ஒட்டி இருக்கும். 0.21-னா கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு பத்திரம். நான் நிம்மதியா தூங்குவேன்.

தொகுப்பாளர்: மணல் நைசா இருந்தா, இல்ல பருமனா இருந்தா, இந்த 0.21 மாறுமா?

பொறியாளர்: மாறாது. இதை எல்லாரும் ஒரு தடவை நிதானமா யோசிக்கணும். பருமணலா இருந்தா பத்து மடங்கு தண்ணி வரலாம், ஆனா வலை அதே வலை, கடைசிக் கட்டம் அதே கட்டம், 0.21 அதே 0.21. நைஸ் மணலா இருந்தா சொட்டுச் சொட்டா வரும், சரிவு அதேதான். ஆக வர்ற தண்ணியோட அளவை வச்சு ஆபத்தை எடை போட முடியாது. இன்னும் சொல்லப்போனா நைஸ் மணல்தான் மோசம். தண்ணி கொஞ்சமா வர்றதால யாரும் பயப்பட மாட்டாங்க, ஆனா பருக்கை லேசுங்கிறதால முதல்ல கிளம்புறதும் அதுதான்.

தொகுப்பாளர்: அப்ப எப்போ தப்பாகுது?

பொறியாளர்: தோண்டும்போது. இதே குழில தூணோட அடித்தளத்துக்காக உள்பக்கம் 3 மீட்டர் தோண்டுறோம். சாதாரண விஷயம். ஆனா ரெண்டு காரியம் ஒரே நேரத்துல நடந்துருச்சு. உள்தண்ணி மட்டமும் 3 மீட்டர் இறங்கிருச்சு, அதனால வித்தியாசம் 4 இல்ல, 7 மீட்டர். சுவரோட கால் உள்பக்கம் 6 மீட்டர் புதைஞ்சிருந்தது இப்ப 3 மீட்டர்தான் புதைஞ்சிருக்கு. தள்ளுதல் கூடிருச்சு, வெளிய வர்ற பாதை பாதியாயிருச்சு.

மறுபடி வலை போடணும். இப்ப 4 வாய்க்காலுக்குச் சுமார் 7 கட்டம் வருது. 7 மீட்டர், 7 கட்டம், கட்டத்துக்கு ஒரு மீட்டர். சுவரை ஒட்டின கடைசிக் கட்டம் ஒன்றரை மீட்டர்தான். ஒன்றை ஒன்றரையால வகுத்தா 0.67. அஞ்சு மடங்கு பத்திரம்னு சொன்னது ஒன்றரை மடங்காயிருச்சு. அதே நேரத்துல பம்ப்ல வர்ற தண்ணி எவ்வளவு கூடியிருக்கு தெரியுமா? 2 லிட்டர் 4 லிட்டராயிருக்கு. ரெண்டு மடங்குதான். "இன்னொரு பம்ப் போடுப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

தொகுப்பாளர்: ஒன்றரை மடங்குன்னா இன்னும் இடம் இருக்கே அக்கா?

பொறியாளர்: தாள்ல இருக்கு. நான் வரைஞ்சது ஒரு சுவர். நிஜத்துல நாலு பக்கத்துல இருந்தும் தண்ணி குழிக்குள்ள வருது, அதனால நிலைமை தாள்ல இருக்கிறதை விட மோசமாத்தான் இருக்கும். அப்புறம் முல்லையாறு தானா ஓடுற ஆறு இல்ல. பெரியாறு அணைல இருந்து லோயர் கேம்ப் வழியா திறந்து விடுற தண்ணி. திறப்பைக் கூட்டினா ராத்திரியில ஆத்து மட்டம் ஏறும். ஒரு மீட்டர் ஏறினா 0.67 போய் 0.76 ஆயிரும். அதுக்கு மேல, பம்ப் குழாய் முங்கணும்னு குழியோட மூலைல, அதுவும் சுவரை ஒட்டி, ஒரு சின்ன பள்ளம் வெட்டுவாங்க பாருங்க. எங்க பாதை ஏற்கெனவே குட்டையோ அங்கயே இன்னும் அரை மீட்டரைக் குறைச்சிடுறாங்க. எனக்கு சைட்ல கோபம் வர்ற ஒரே இடம் அது. பள்ளத்தைக் குழிக்கு நடுவுல வெட்டுங்கன்னு தொண்டை கிழியச் சொல்லுவேன்.

தற்காலிகக் குழியா இருந்தாலும் 2-க்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் குழில ஷீட் பைலை இன்னும் 3 மீட்டர் ஆழமா அடிச்சிருந்தா, அதே தோண்டலுக்கு பத்திரம் 3 மடங்கை ஒட்டி வந்திருக்கும். கூடுதல் இரும்புக்குக் காசு ஆகும்தான்.

தொகுப்பாளர்: எல்லையைத் தாண்டினா என்ன நடக்கும்? ஒரேயடியா வெடிக்குமா?

பொறியாளர்: ரெண்டு விதமா நடக்கலாம். குழியோட அடித்தளம் மொத்தமா கொப்பளிச்சுத் தூக்குறது ஒன்னு. இன்னொன்னு பைப்பிங், அது நைசா ஆரம்பிக்கும். வெளிய வர்ற இடத்துல சில பருக்கை கிளம்புது. சின்ன எரிமலை வாய் மாதிரி ஒரு மணல் வளையம், நடுவுல குமிழி. பருக்கை போன இடத்துல குட்டிப் பள்ளம். இப்ப தண்ணிக்குப் பாதை அந்த அளவு குறைஞ்சுருச்சு. பாதை குறைஞ்சா சரிவு கூடும், சரிவு கூடினா இன்னும் பருக்கை கிளம்பும். சந்து ஒன்னு வெளி வாயில ஆரம்பிச்சு, தண்ணி வர்ற திசைக்கு எதிரா, ஆத்தை நோக்கி நோண்டிக்கிட்டே போகும். பாதி தூரம் போனதுக்கு அப்புறம் வேகம் பிடிக்கும். ஆத்தைத் தொட்ட நிமிஷம் அது கசிவு இல்ல, குழாய். சுவரோட காலுக்கு அடில மணல் இல்லாம போயிரும், சுவர் உள்ள சாயும்.

வரப்புல நண்டு வளை பார்த்திருப்பீங்க. அது நண்டு போட்ட குழாய், இது தண்ணியே போட்டுக்கிற குழாய். ஆனா வளையை அடைக்கிற விவசாயிக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் இங்கயும் பொருந்தும். தண்ணி வெளிய வர்ற வாயை மண்ணை அப்பி அடைச்சா நிக்காது, பக்கத்துல பிச்சுக்கும். நுழையுற பக்கம் போய் மிதிச்சு அடைப்பாங்க.

தொகுப்பாளர்: இதெல்லாம் எப்போ கண்டுபிடிச்சாங்க? யாராவது விலை கொடுத்துத்தான் கத்துக்கிட்டிருப்பாங்க.

பொறியாளர்: நிறைய விலை. கங்கைல நரோரான்னு ஒரு இடம், இப்ப அணுமின் நிலையம் இருக்கே அதே ஊர். கீழ் கங்கைக் கால்வாய்க்காக 1878-ல் மணல் மேல ஒரு தடுப்பணை கட்டினாங்க. இருபது வருஷம் நல்லா நின்னுச்சு. 1898-ல் ஒரு பகுதி அடித்தளம் அடியில இருந்த தண்ணி அழுத்தத்துல பெயர்ந்து போச்சு. இருபது வருஷம் நின்னதே பத்திரத்துக்குச் சாட்சின்னு நினைச்சவங்களுக்கு அது பெரிய அடி.

அப்புறம் பிளை அப்படிங்கிற பொறியாளர் ஒரு எளிய விதி கொடுத்தார். தண்ணி கட்டடத்தோட அடிப்பரப்பை ஒட்டி ஊர்ந்து போகுது, ஷீட் பைல் இருந்தா அதோட ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுது. அந்த மொத்த நீளத்தை அளந்துக்கோ, அது போதுமான நீளமா இருந்தா சரி. எந்த இடத்துல நீளத்தைச் சேர்த்தாலும் ஒரே பலன். கணக்கு சுலபம்கிறதால எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

1926, 27 வாக்குல பஞ்சாப்ல மேல் சீனாப் கால்வாய்ல இந்த விதிப்படி கட்டின சிஃபன்கள் சிக்கல் கொடுக்க ஆரம்பிச்சுது. அதை ஆராய்ஞ்சவர் அயோத்தியா நாத் கோஸ்லா. அவர் அடித்தளத்துக்கு அடில குழாய்களை இறக்கி நிஜமான அழுத்தத்தை அளந்தார். பிளை சொன்ன எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் ஒத்துப்போகல. ஷீட் பைலோட எல்லா முகமும் ஒரே மாதிரி வேலை செய்யல. ஓரத்துல இருக்கிற பைலோட வெளி முகம் உள் முகத்தை விட அதிகமா சக்தியைக் கரைக்குது. தண்ணி அடிப்பரப்பைத் தடவிக்கிட்டு ஊர்றதும் இல்ல, நாம வரைஞ்சோமே அந்த வளைவுகள்ல போகுது. அவரும் போஸ், டெய்லர் அப்படிங்கிற ரெண்டு பேரும் சேர்ந்து 1936-ல் இதைப் புத்தகமா எழுதினாங்க. இன்னைக்கும் இந்தியால தடுப்பணை வடிவமைக்கிறவங்க அந்த வரைபடங்களைத்தான் திறக்கிறாங்க. கோஸ்லா பின்னால ஒடிசா ஆளுநரா இருந்தார், ஆனா எங்களுக்கு அவர் எக்ஸிட் கிரேடியன்ட்காரர்தான்.

அந்த ஆய்வுல வந்த ஒரு முடிவை மட்டும் சொல்றேன். தடுப்பணையோட கீழ் ஓரத்துல, அதாவது தண்ணி வெளிய வர்ற பக்கம், தரைக்குள்ள இறங்குற சுவர் ஒன்னு கண்டிப்பா இருக்கணும். அது இல்லாம வெறும் தளமா முடிச்சிட்டா, அந்த ஓரத்துல கணக்குப்படி சரிவு முடிவிலிக்குப் போயிரும். தளத்தை எவ்வளவு நீளமா போட்டாலும் சரி. மேல் ஓரத்துல அடிக்கிற பைல் தளத்துக்கு அடியில இருக்கிற அழுத்தத்தைக் குறைக்கும். கீழ் ஓரத்துல அடிக்கிறதுதான் மணலைப் பிடிச்சு நிறுத்தும். பிளை கணக்குல ரெண்டும் ஒன்னு. நிரந்தரமான அணைக்கு பருமணல்னா அஞ்சாறு மடங்கும், நைஸ் மணல்னா ஆறேழு மடங்கும் பத்திரம் வேணும்னு கோஸ்லா வச்சார். நாம குழிக்குப் பேசின 2 மடங்கை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

தொகுப்பாளர்: அவ்வளவு மடங்கு எதுக்கு? கணக்கு சரின்னா 2 போதாதா?

பொறியாளர்: கணக்கு சரி, தரை சரி இல்ல. வலை போடும்போது மணல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரின்னு எடுத்துக்கிறோம். ஆத்து மணல் அப்படி இருக்காது. ஒரு வெள்ளம் பருமணல் போட்டுட்டுப் போகும், அடுத்த வெள்ளம் மேல ஒரு விரல் தடிமனுக்கு வண்டல் போட்டுட்டுப் போகும். அந்த வண்டல் குழிக்கு அடில இருந்தா, அது மூடி மாதிரி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். மேல பார்த்தா காய்ஞ்ச தரை, ஒரு சொட்டு கூட இல்ல. அடுத்த மண்வெட்டில மொத்தமா தூக்கும்.

நம்ம பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. மலையடிவார ஓடைகள்ல மணலுக்குள்ள உருட்டுக்கல் கிடக்கும். ஷீட் பைல் அடிக்கும்போது கல்லுல மோதினா தகடு விலகி, கொக்கி கழண்டுரும். மேல இருந்து பார்த்தா சுவர் ஒழுங்கா இருக்கும், அஞ்சு மீட்டர் கீழ கதவு திறந்து கிடக்கும். தாள்ல 6 மீட்டர் சுத்தி வர்ற தண்ணி, அங்க நேரா குறுக்க வந்துரும். அடிக்கும்போது ஒரு தகடு மட்டும் திடீர்னு இறங்க மறுத்தா, இல்ல திடீர்னு லேசா இறங்கினா, அந்தத் தகட்டு நம்பரை எழுதி வச்சுக்கணும். பின்னால அந்த இடத்தைத்தான் முதல்ல பார்ப்போம்.

தொகுப்பாளர்: நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?

பொறியாளர்: ஒரு தடவை. எந்த ஊர், யாரோட வேலைன்னு சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். காலைல போனா குழி மூலைல கால் தடம் அளவுக்கு ஒரு இடம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. கஞ்சி கொதிக்கிற மாதிரி. மேஸ்திரி "ஊத்துக்கண்ணு கிடைச்சிருக்கும்மா, நல்ல தண்ணி"ன்னு சிரிச்சார். பொறுப்புல இருந்தவர் பெரிய பம்ப் கொண்டு வரச் சொல்லிட்டார். எனக்கு வாய் வரல. சின்னப் பொண்ணு, புத்தகத்துல படிச்சதை வச்சு என்ன பேசுறதுன்னு தயக்கம். பெரிய பம்ப் வந்து இறைச்சதும் உள்மட்டம் இன்னும் இறங்குச்சு, கொதிப்பு ரெண்டு இடமாச்சு. அப்பதான் ஆளுங்களை மேல ஏறச் சொல்லிக் கத்தினேன். ஏறி முக்கால் மணி நேரத்துல அந்த மூலைச் சுவர் உள்ள சாய்ஞ்சுது. யாருக்கும் ஒன்னும் ஆகல. இப்ப யோசிச்சாலும், முதல் கொதிப்பைப் பார்த்ததுக்கும் நான் கத்தினதுக்கும் நடுவுல இருந்த அந்த ஒரு மணி நேரம்தான் உறுத்தும்.

தொகுப்பாளர்: அந்த நேரத்துல என்ன செஞ்சிருக்கணும்?

பொறியாளர்: முதல்ல ஆளுங்க மேல. அடுத்து பம்ப்பை நிறுத்தணும். எல்லாருக்கும் கை எதிர்த் திசைக்குத்தான் போகும், இன்னும் வேகமா இறைக்கலாம்னு தோணும். ஊத்துல சொம்பால மடமடன்னு இறைச்ச அதே தப்புதான். குழிக்குள்ள தண்ணி ஏறட்டும். உள்மட்டம் ஏற ஏற வித்தியாசம் குறையும், தள்ளுதல் குறையும், கொதிப்பு அடங்கும். ஒரு நாள் வேலை போகும், சுவர் நிக்கும்.

கொதிப்பு சின்னதா இருந்தா அது மேல மண்ணைக் கொட்டி மூடக் கூடாது, வரப்பு விஷயம்தான். அதுக்குப் பதிலா முதல்ல பருமணல், அது மேல பொடி ஜல்லி, அது மேல பெரிய ஜல்லின்னு அடுக்கா போடணும். தலைகீழ் வடிகட்டி. தண்ணி வழியா வந்துக்கட்டும், பருக்கை மட்டும் வர முடியாது. மேல எடையும் சேருது. அப்புறம் நிதானமா யோசிக்கலாம். குழியைச் சுத்தி ஆழ்குழாய் இறக்கி, தண்ணி குழிக்கு வர்றதுக்கு முன்னாடியே அழுத்தத்தைக் குறைக்கலாம். முடிஞ்சா சுவரை ஆழமா அடிக்கலாம்.

தொகுப்பாளர்: சைட்டுக்கு முதல் தடவை போற ஒரு பையனோ பொண்ணோ இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, வலை எல்லாம் போட நேரமில்லன்னா, எதைப் பார்க்கணும்?

பொறியாளர்: பம்ப்போட வெளிக் குழாய்ல ஒரு வெள்ளை வாளியைப் பிடிக்கணும். கடைல கிடைக்கிற சாதா பிளாஸ்டிக் வாளி, வெள்ளையா இருந்தா அடில இருக்கிறது தெரியும். நிரப்பி பத்து நிமிஷம் அசையாம வைங்க. தெளிஞ்ச தண்ணி எவ்வளவு வந்தாலும் பரவாயில்ல. அடில மணல் படிஞ்சா, அது எந்த இடத்துல இருந்தோ காலியாகி வருது. முதல் நாள் பம்ப் ஓட்டும்போது கொஞ்சம் வரும், அது குழியைச் சுத்தமாக்குற மணல், சில மணி நேரத்துல நின்னுரும். மூணாவது நாள் வந்தா, இல்ல நேத்து தெளிவா இருந்தது இன்னைக்கு கலங்கினா, யாரையும் கேட்காம ஆளுங்களை மேல ஏத்துங்க. வாளியைத் தினம் காலைலயும் சாயங்காலமும் பிடிச்சு, நேரத்தையும் ஆத்து மட்டத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. நான் இப்பவும் வண்டில வாளி வச்சிருக்கேன். என் டிரைவர் தம்பிக்கு அது எதுக்குன்னு ரொம்ப நாள் புரியல, குளிக்கிறதுக்குன்னு நினைச்சிருந்தார்.